ஷத்து போடாத அரபியைப் படிப்பது எப்படி: அலுவலகத் தாள்களோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அரபு எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியும். சிறுவயதில் மத்ரஸாவில் ஓதியிருக்கலாம், அல்லது வளைகுடாவுக்கு வந்தபின் கைப்பேசியில் பார்த்துக் கற்றிருக்கலாம். ஆனால் நிறுவனம் நீட்டும் ஒரு தாளை எடுத்தால் எந்த எழுத்தை அழுத்திப் படிப்பது, எதை விட்டுப் படிப்பது என்று தெரியாமல் முழிக்க வேண்டியிருக்கிறது. இந்த இடத்தில் நிற்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எனக்கு இதில் அநியாயத்துக்கு நேரம் போனது. பாடநூல்கள் ஷத்துக் குறியைப் போட்டே எல்லாச் சொற்களையும் காட்டுகின்றன. தாள்களில் அந்தக் குறி இருப்பதே இல்லை. குறி இல்லாத இடத்தில் ஷத்தைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் வினைச்சொல்லின் வடிவம் தெரிந்திருக்க வேண்டும். அதை யாரும் எனக்கு முதலிலேயே சொல்லவில்லை.

1. தொடங்கும் முன் கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

பெரிய செலவு எதுவும் இல்லை. கைப்பேசியிலும் கணினியிலும் அரபு விசைப்பலகை இலவசம். பதிவு செய்யும் செயலி கைப்பேசியிலேயே இருக்கும். காசு கொடுத்து வாங்குவதானால் வேரெழுத்து வரிசையில் அமைந்த ஓர் அகராதி வாங்குங்கள். பழைய புத்தகக் கடையில் கிடைத்தாலும் போதும், இதில் புதுப் பதிப்பு அவசியமில்லை.

அதோடு உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் தாள்கள்: வேலை ஒப்பந்தம், இகாமா புதுப்பிப்பு ரசீது, பணம் அனுப்பிய சீட்டு, சான்றொப்பம் பெற்ற சான்றிதழ். நகல் எடுத்துக்கொண்டு நகலில் பென்சிலால் எழுதுங்கள். அசலில் ஒரு புள்ளிகூட வைக்காதீர்கள். அரபியில் ஒரு புள்ளி கூடினால் எழுத்தே மாறிவிடும். அந்தத் தாளை யாரும் ஏற்க மாட்டார்கள்.

நேரக் கணக்கு: ஒலிக்கும் எழுத்துக்கும் ஒரு வாரம், தினம் கால் மணி நேரம் போதும். வினை வடிவத்துக்கு ஒரு மாதமாவது வைத்துக்கொள்ளுங்கள். அதில் அவசரப்பட்டுப் பயனில்லை.

2. ஷத்து என்றால் இரண்டு எழுத்து

எழுத்தின் மேல் சிறிய பல்வரிசை போல நிற்கும் ّ என்ற குறிதான் ஷத்தா. நம் மத்ரஸாக்களில் ஷத்து என்பார்கள், தஷ்தீத் என்றும் சொல்வதுண்டு. ஓர் எழுத்தின் மேல் அது இருந்தால், அந்த எழுத்து அங்கே இரண்டு முறை இருக்கிறது என்று பொருள். முதலாவது உயிரில்லாத மெய், அதாவது சுகூன் பெற்றது. இரண்டாவது உயிர் ஏறியது.

وَقَّعَ என்பதை எடுத்துக்கொள்வோம். ‘வக்கஅ’, கையெழுத்திட்டார். இதைப் பிரித்தால் வக் + க + அ. முதல் காஃப் முன் அசையை மூடுகிறது, இரண்டாவது காஃப் அடுத்த அசையைத் திறக்கிறது. வாய் ஒருமுறைதான் அடைகிறது, ஒருமுறைதான் திறக்கிறது. அடைத்த நிலையில் சற்று நிற்பதுதான் ஷத்து.

இதிலிருந்து சில விதிகள் தாமாகவே வரும். ஷத்தும் சுகூனும் ஒரே எழுத்தின் மேல் சேர்ந்து எழுதப்படுவதில்லை. நெடில் காட்டும் அலிஃபின் மேல் ஷத்து வராது. தனியாக நிற்கும் சொல் ஷத்தோடு தொடங்காது, ஏனென்றால் அரபுச் சொல் மெய்யில் தொடங்குவதில்லை.

3. ஒலி: தமிழ் எங்கே உதவும், எங்கே கவிழ்க்கும்

படு, பட்டு என்று பிரித்துச் சொல்லத் தெரிந்தவர்களுக்கு இரட்டிப்பு புதிதல்ல. இந்த விஷயத்தில் தமிழர்களுக்கு நல்ல தொடக்கம் இருக்கிறது. ஆனால் மூன்று இடங்களில் தமிழ்க் காது நம்மைக் கவிழ்த்துவிடும்.

முதலாவது ب, د, ج போன்ற அதிர்வுள்ள எழுத்துகள். தமிழில் வல்லினம் இரட்டித்தால் அதிர்வு போய்விடும். படு என்பதில் இருக்கும் அதிர்வு பட்டு என்பதில் இல்லை. இதே பழக்கத்தில் جَدَّدَ (புதுப்பித்தார்) என்பதை ‘பத்து’ என்பதில் வரும் த்த வைத்துச் சொல்கிறோம். அரபிக் காதுக்கு அது தால் அல்ல, தா (ت) என்றே விழும். ‘புத்தர்’, ‘சித்தர்’ என்று வாயாரச் சொல்லும்போது வரும் த்த தான் இங்கே வேண்டும். பே இரட்டித்தால் ‘டப்பா’வில் வரும் ப்ப, ‘அப்பா’வில் வரும் ப்ப அல்ல. சரியாக வருகிறதா என்று பார்க்கத் தொண்டையில் விரல் வைத்துக்கொள்ளுங்கள். அடைத்துப் பிடித்திருக்கும் நேரம் முழுவதும் அதிர்வு தெரிய வேண்டும்.

இரண்டாவது ر. தமிழ் இலக்கணப்படி ரகரமும் ழகரமும் தம்மோடு தாம் இரட்டிப்பதில்லை. அதனால் ‘ர்ர’ என்று எழுதினாலும் நம் வாய் ஒரு ‘ர’வோடு நின்றுவிடும், இல்லாவிட்டால் ‘ற்ற’ பக்கம் வழுக்கிவிடும். قَرَّرَ (கர்ரர, முடிவு செய்தார்) சொல்லும்போது நாக்கு நுனி இரண்டு மூன்று முறை தட்டினால் போதும். மோட்டார் போல ஓட விடுவதும் பிழைதான். குர்ஆன் ஓதக் கற்றுத்தரும் ஆசிரியர்கள் அதைக் கண்டிப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

மூன்றாவதுதான் பெரிய கண்ணி. மெய்யில் நிற்காமல் அதற்கு முன்னுள்ள உயிரை நீட்டிவிடுவது. ‘வக்கஅ’ என்பது ‘வாகஅ’ ஆகிவிடும். அரபியில் முதல் உயிரை நீட்டிய வினை இன்னொரு வடிவம், பொருளும் வேறு. دَرَّسَ (தர்ரஸ) என்றால் பாடம் நடத்தினார். دَارَسَ (தாரஸ) என்றால் ஒருவரோடு சேர்ந்து படித்தார். ‘ஹமாம்’ என்றால் புறா, ‘ஹம்மாம்’ என்றால் குளியலறை. வளைகுடாவில் கழிப்பறைக்கும் இதுதான் சொல். இரண்டும் குறி இல்லாமல் حمام என்றுதான் எழுதப்படும்.

சொல்லின் கடைசியில் ஷத்து வந்தால் என்ன செய்வது? நிறுத்தும்போது கடைசி உயிர் விழுந்துவிடும், ஷத்து விழாது. حَقّ (ஹக்க்) என்பதை ‘ஹக்’ என்று வெட்டாமல் அடைத்து நின்று விட வேண்டும். நூன், மீம் இரண்டும் ஷத்து பெற்றால் மூக்கொலி சேர்ந்து வரும். குர்ஆன் ஓதுகையில் இதற்கு இரண்டு ஹரகத் அளவு நீட்டம் உண்டு. பேச்சில் அவ்வளவு நீட்ட வேண்டியதில்லை.

பயிற்சிக்கு ஷத்து இல்லாததையும் உள்ளதையும் ஜோடியாகப் பதிவு செய்து கேளுங்கள்: வகஅ – வக்கஅ, ஸதக – ஸத்தக, தரஸ – தர்ரஸ. உங்கள் பதிவை நீங்களே மறுநாள் கேட்டு, எது எது என்று சொல்ல முடியாவிட்டால் இன்னும் நீங்கள் நிறுத்திப் பிடிக்கவில்லை. ஒன்று மட்டும் நினைவில் வையுங்கள்: அரபுச் சொல்லைத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்தால் ‘த்த’ என்பது த்-தாவா, தால்-தாலா என்று ஒருபோதும் தெரியாது. இந்தக் கட்டுரையில் உள்ள தமிழ் உச்சரிப்புக்கும் அது பொருந்தும். எப்போதும் அரபு எழுத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

4. எழுதுவதும் தட்டுவதும்

கையால் எழுதும்போது முதலில் சொல் முழுவதையும் புள்ளிகளோடு எழுதி முடித்துவிட்டுப் பிறகு ஷத்து, அதன்பின் உயிர்க்குறி. ஃபத்ஹாவும் (ஜபர்) ளம்மாவும் (பேஷ்) ஷத்தின் மேல் ஏறி உட்காரும். கஸ்ராவில்தான் (ஜேர்) குழப்பம். சில அச்சுகளில் அது வழக்கம்போல எழுத்தின் கீழே இருக்கும். வேறு பல அச்சுகளில், குறிப்பாகப் பாடநூல்களிலும் திரையிலும், ஷத்துக்குக் கீழே ஆனால் எழுத்துக்கு மேலே வரும். கோடு எழுத்துக்கு மேலே இருப்பதைப் பார்த்து ஃபத்ஹா என்று படித்துவிடுவார்கள். مُدَرِّس என்பதைப் பாருங்கள்: அது ‘முதர்ரிஸ்’, ஆசிரியர். ‘முதர்ரஸ்’ என்று படித்தால் பாடம் நடத்தியவர் போய், நடத்தப்பட்ட பாடம் வந்துவிடும். எனவே கோட்டை எழுத்தோடு வைத்துப் பார்க்காமல் ஷத்தோடு வைத்துப் பாருங்கள். ஷத்துக்கு மேலே என்றால் ஃபத்ஹா, கீழே என்றால் கஸ்ரா.

கணினியில் விண்டோஸின் `Arabic (101)` விசைப்பலகையில் எண் 1-க்கு இடப்பக்கம் உள்ள விசையை `Shift` உடன் அழுத்தினால் ஷத்து வரும். விசைப்பலகையில் கிடைக்காவிட்டால் அதன் யூனிகோடு எண் `U+0651`. வரிசை எப்போதும் எழுத்து, ஷத்து, உயிர்.

ஒரு கோப்பில் சொல்லைத் தேடும்போது ஷத்து இல்லாமலே தேடுங்கள். சில மென்பொருள்கள் وقّع, وقع இரண்டையும் வேறு வேறு சொல்லாகவே எண்ணும். தாளில் ஷத்து இருக்காது என்பதால் ஷத்தோடு தேடினால் எதுவும் கிடைக்காது.

5. ‘அல்’ தரும் ஷத்தைத் தனியே ஒதுக்குங்கள்

வினைக்குப் போவதற்கு முன் ஒரு களையெடுப்பு. الطَّلَب (அத்தலப், விண்ணப்பம்) என்பதில் தாவின் மேல் இருக்கும் ஷத்து அந்தச் சொல்லுக்குச் சொந்தமானதல்ல. முன்னால் வந்த ‘அல்’ உடைய லாம் அடுத்த எழுத்தில் கரைந்ததால் வந்தது. இப்படிக் கரைக்கும் எழுத்துகள் 14: ت ث د ذ ر ز س ش ص ض ط ظ ل ن. இவற்றை ஷம்ஸி எழுத்துகள் என்பார்கள். லாம் எழுதப்படும், ஒலிக்காது. ‘அல்’லை எடுத்துவிட்டால் ஷத்தும் போய்விடும்: طَلَب.

தாளில் ஷத்து தேடும்போது முதலில் ‘அல்’லை விரலால் மறைத்துவிட்டு மீதியைப் பாருங்கள். الموظف என்பதில் மறைத்த பின்னும் ஷத்து உள்ளே இருக்கிறது. அதுதான் நம் விஷயம்.

6. நடு எழுத்து இரட்டிக்கும் வினை: தாள்களின் மொழி இதுதான்

அரபு வினைக்குப் பெரும்பாலும் மூன்று வேரெழுத்துகள். நடு எழுத்தை இரட்டித்தால் புது வினை பிறக்கிறது. மத்ரஸா மாணவர்கள் இதை ‘தஃப்ஈல்’ பாபு என்பார்கள். மேல்நாட்டு அகராதிகளில் வேரின் கீழே II என்று ரோமன் எண்ணில் இருக்கும்.

பொருள் எப்படி மாறும்? عَلِمَ (அலிம) அறிந்தார், عَلَّمَ (அல்லம) அறியவைத்தார், அதாவது கற்பித்தார். كَسَرَ (கஸர) உடைத்தார், كَسَّرَ (கஸ்ஸர) சுக்குநூறாக உடைத்தார். كَذَبَ (கதப) பொய் சொன்னார், كَذَّبَ (கத்தப) மற்றவர் சொன்னதைப் பொய் என்றார். செய்யவைத்தல், மிகுதியாகச் செய்தல், இன்னது என்று கூறுதல் என மூன்று பக்கமும் போகிறது. இலக்கண நூல்கள் இதை அழகாகப் பட்டியல் போடும். ஆனால் பட்டியலை வைத்துப் பொருளை ஊகிக்காதீர்கள். وَقَعَ (வகஅ) என்றால் விழுந்தது, நிகழ்ந்தது. وَقَّعَ (வக்கஅ) என்றால் கையெழுத்திட்டார். விழவைத்தார் என்று ஊகித்தால் என்ன ஆகும்? புது வினை ஒவ்வொன்றையும் அகராதியில் ஒருமுறை பார்த்துவிடுவதே பத்திரம்.

வடிவம் மட்டும் நம்பத்தக்கது, அதில் விதிவிலக்கு அதிகம் இல்லை. ஒரு வினையைப் படித்தால் எல்லாவற்றுக்கும் அதே அச்சு:

جَدَّدَ ஜத்தத – புதுப்பித்தார்
يُجَدِّدُ யுஜத்திது – புதுப்பிக்கிறார்
جَدِّدْ ஜத்தித் – புதுப்பி
مُجَدِّد முஜத்தித் – புதுப்பிப்பவர்
مُجَدَّد முஜத்தத் – புதுப்பிக்கப்பட்டது
تَجْدِيد தஜ்தீத் – புதுப்பித்தல்

இதில் இரண்டைக் கவனியுங்கள். நிகழ்காலத்தில் முன்னொட்டு ‘ய’ அல்ல, ‘யு’. சாதாரண வினை ‘யத்ருஸு’ (படிக்கிறார்), இது ‘யுதர்ரிஸு’ (கற்பிக்கிறார்). காதால் கேட்கும்போது ‘யு’ விழுந்தவுடனே ஷத்து வரப்போகிறது என்று எதிர்பார்க்கலாம். அலிஃப் சேர்ந்த நான்காம் வடிவத்திலும் ‘யு’ உண்டு, ஆனால் அதில் இரட்டிப்பு இல்லை. குறியில்லாத يعلم என்பதை யஃலமு (அறிகிறார்), யுஃலிமு (தெரிவிக்கிறார்), யுஅல்லிமு (கற்பிக்கிறார்) என்று மூன்று விதமாகவும் படிக்கலாம். எது என்று வாக்கியம்தான் சொல்லும்.

இரண்டாவது, கடைசி வரியில் ஷத்தே இல்லை. தொழிற்பெயராகும்போது முன்னால் ஒரு தா, கடைசிக்கு முன் ஒரு யா வந்து, ஷத்து கலைந்துவிடுகிறது. அலுவலகத் தாள்களின் தலைப்பெல்லாம் இந்த வடிவத்தில்தான் இருக்கும்: تجديد புதுப்பித்தல், تصديق சான்றொப்பம், تحويل பணமாற்றம் அல்லது மாற்றம், توقيع கையெழுத்து, تسجيل பதிவு, تسليم ஒப்படைப்பு, تعيين பணி நியமனம். ஒரு நாளில் இந்த ஏழையும் உங்கள் சொந்தத் தாள்களிலேயே தேடி எடுத்துவிடலாம்.

இவைதான் உங்களுக்குச் சாவி. தலைப்பிலிருந்து முன் தாவையும் நடு யாவையும் எடுங்கள். تصديق என்பதில் ص د ق மிஞ்சும். நடுவில் ஷத்து வையுங்கள்: صَدَّقَ, ஸத்தக. சான்றொப்பமிட்டார். அதே தாளின் உள்ளே صدق என்று குறியில்லாமல் வந்தால், உண்மை பேசினார் என்ற ‘ஸதக’வை விட்டுவிட்டு ‘ஸத்தக’ என்று படிக்கலாம், ஏனென்றால் தலைப்பே சாட்சி.

வேரின் கடைசி எழுத்து வாவோ யாவோ ஆக இருந்தால் தொழிற்பெயர் வேறு உருவில் வரும்: تصفية (தஸ்ஃபியா), தீர்த்து முடித்தல். வேலையை விட்டுப் போகும்போது கணக்குத் தீர்க்கும் தாளில் பார்ப்பீர்கள்.

இன்னொரு அடையாளம்: இறந்தகால வினையின் நடுவில் வாவோ யாவோ உறுதியாக நின்றால் அங்கே பெரும்பாலும் ஷத்து இருக்கிறது. சாதாரண வினையில் நடு வாவும் யாவும் அலிஃபாகக் கரைந்துவிடும். قَالَ (கால, சொன்னார்) அப்படித்தான். இரட்டித்தால் கரையாது. எனவே غير என்பது வினையாக வந்தால் ‘கய்யர’, மாற்றினார். صور என்றால் ‘ஸவ்வர’, படம் எடுத்தார். நகல் எடுத்தார் என்பதும் இதுவே.

முன்னால் ஒரு தா கூடினால் அடுத்த வடிவம், அகராதியில் V. سَلَّمَ (ஸல்லம) ஒப்படைத்தார், تَسَلَّمَ (தஸல்லம) பெற்றுக்கொண்டார். இதில் ‘யு’ கிடையாது, ‘யதஸல்லமு’ என்று போகும். கொடுப்பதும் வாங்குவதும் ஒரு தாவில் புரண்டுவிடுகிறது என்பதால், கையெழுத்துப் போடும் முன் எந்தப் பக்கத்துக் கட்டம் உங்களுடையது என்று பாருங்கள். பொருள் ஒப்படைக்கும் சீட்டில் ஒரு கட்டத்தின் மேல் المسلم என்று இருக்கும். மதத்தைக் கேட்கிறார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். அது ‘அல்முஸல்லிம்’, ஒப்படைப்பவர். எதிர்க் கட்டத்தில் المستلم, ‘அல்முஸ்தலிம்’, பெறுபவர்.

7. ஒரு வரியை அவிழ்த்துப் பார்ப்போம்

இப்படி ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், ஒரு குறிகூட இல்லாமல்:

وقع المدير الطلب وحول الموظف المبلغ ولم تجدد الإقامة

முதல் சொல் وقع. ‘வகஅ’ என்றால் மேலாளர் விழுந்தார். ஆனால் பின்னால் الطلب என்று செயப்படுபொருள் நிற்கிறது. விழுவதற்குச் செயப்படுபொருள் தேவையில்லை. ஆகவே ‘வக்கஅ’. மேலாளர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார்.

الطلب என்பதன் ஷத்து ‘அல்’ தந்தது, ஒதுக்கிவிடலாம். المدير என்பதில் ஷத்தே இல்லை, ‘அல்முதீர்’. யாவைப் பார்த்து ஷத்து போட்டுவிடக் கூடாது; அது நெடில்.

அடுத்து حول. இது ‘ஹவ்ல’, சுற்றி அல்லது குறித்து என்ற சொல்லாகவும் இருக்கலாம். ஆனால் முன்னால் ‘வ’ (மேலும்) வந்து, பின்னால் ஒரு ஆளும் ஒரு தொகையும் நிற்கின்றன. ‘ஊழியரைச் சுற்றி அந்தத் தொகை’ என்பது பொருந்தவில்லை. நடு வாவ் உறுதியாக நிற்கும் வினை என்று எடுத்தால் ‘ஹவ்வல’, அனுப்பினார். தொகையை ஊழியர் அனுப்பினார்.

الموظف: ‘அல்’லை மறையுங்கள். ‘மு’ முன்னொட்டு, பிறகு و ظ ف. நடு எழுத்து ظ இரட்டிக்கும்: முவள்ளஃப். அந்த ظ மேல் ஃபத்ஹா, ஆகவே வேலைக்கு அமர்த்தப்பட்டவர். கஸ்ரா போட்டால் வேலைக்கு அமர்த்துபவர் ஆகிவிடுவார்.

கடைசியில் لم تجدد. ‘லம்’ வந்தால் வினை நிகழ்கால உருவில், இறுதி சுகூனோடு, பொருளில் ‘செய்யவில்லை’ என்று வரும். இங்கே இரண்டு வாசிப்பு இருக்கிறது. ‘லம் துஜத்தித்’ என்றால் நீங்கள் இகாமாவைப் புதுப்பிக்கவில்லை. ‘லம் துஜத்தத்’ என்றால் இகாமா புதுப்பிக்கப்படவில்லை. ஷத்து இரண்டிலும் ஒன்றே. தாலின் உயிர்தான் பழியை உங்கள் மேல் போடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கிறது. வரியில் மேலாளரும் ஊழியரும் படர்க்கையில் வந்திருப்பதால் ‘துஜத்தத்’ என்பதே பொருத்தம். ஆனால் இதுவே உங்கள் பெயருக்கு வந்த கடிதத்தின் நடுவில் இருந்தால் ஊகிக்காமல் எழுதியவரிடம் கேளுங்கள். ‘லம் துஜத்தித்’, ‘லம் துஜத்தத்’ என்று இரண்டையும் சொல்லிக் காட்டினால் அவரே சிரித்துக்கொண்டு சொல்லிவிடுவார்.

8. கடைசி இரண்டும் ஒரே எழுத்தான வினைகள்

இது வேறு குடும்பம். رَدَّ (ரத்த, பதில் சொன்னார்), مَرَّ (மர்ர, கடந்து போனார்), ظَنَّ (ளன்ன, நினைத்தார்). வேரிலேயே கடைசி இரண்டும் ஒன்று. அதனால் ஒட்டிக்கொண்டு ஷத்தாகி நிற்கின்றன. முளாஅஃப் என்பது இவற்றின் பெயர். தாளில் வெறும் இரண்டெழுத்தாகத் தெரியும்: رد. இரண்டெழுத்தில் ஒரு இறந்தகால வினை கண்டால் கடைசியில் ஷத்து ஒளிந்திருக்கிறது. ஏவல் வினையில் மட்டும் இது பொருந்தாது. சாலையில் நிற்கும் பலகையில் قف என்பது ‘கிஃப்’, நில். அங்கே ஷத்து இல்லை.

இந்தக் குடும்பத்தின் தொல்லை, ஷத்து வந்து வந்து போவது. மெய்யில் தொடங்கும் விகுதி சேர்ந்தால் ஒட்டியிருந்தவை பிரிந்துவிடும்:

رَدَّ ரத்த – அவர்
رَدَّتْ ரத்தத் – அவள்
رَدُّوا ரத்தூ – அவர்கள்
رَدَدْتُ ரதத்து – நான்
رَدَدْنَا ரதத்னா – நாங்கள்

காரணம் எளிது. ஷத்தின் இரண்டாம் எழுத்துக்கு உயிர் வேண்டும். ‘து’, ‘னா’ சேரும்போது அந்த எழுத்து சுகூன் பெற்றுவிடுகிறது. இரண்டும் உயிரின்றி ஒட்டி நிற்க முடியாது, அதனால் நடுவில் ஓர் உயிர் புகுந்து பிரிக்கிறது. பேச்சில் இந்தச் சிரமமே இல்லை. வளைகுடாப் பேச்சில் ‘ரத்தேத்’ என்று ஷத்தை வைத்துக்கொண்டே ஒரு ‘ஏ’ சேர்த்துவிடுவார்கள். கேட்டுப் பழகுங்கள், ஆனால் விண்ணப்பத்தில் அப்படி எழுதாதீர்கள்.

அடிக்கடி கண்ணில் படும் ஒரு கண்ணி لم يرد. ‘லம் யருத்த’ என்றால் பதில் சொல்லவில்லை. ‘லம் யுரித்’ என்றால் விரும்பவில்லை. ‘லம் யரித்’ என்றால் வந்து சேரவில்லை, குறிப்பிடப்படவில்லை. மூன்றுக்கும் மூன்று வேர்: ر د د, ر و د, و ر د. பின்னால் ‘அலா’ (على) வந்தால் பதில் சொல்லவில்லை என்பதுதான். பின்னால் ‘அன்’ (أن) என்று இன்னொரு வினை தொடர்ந்தால் விரும்பவில்லை. தாள், கடிதம், பெயர் போன்றவை எழுவாயாக இருந்தால் வந்து சேரவில்லை. இந்த மூன்றையும் பார்த்துவிட்டு அகராதிக்குப் போனால் எந்த வேரின் கீழ்த் தேடுவது என்று அலைய வேண்டியதில்லை.

9. உங்கள் பெயரில் உள்ள ஷத்து

கடைசியாக, காசும் நாளும் செலவழிக்க வைக்கும் விஷயம். محمد என்ற பெயரில் இரண்டாம் மீமின் மேல் ஷத்து உண்டு: முஹம்மத். அரபியில் எல்லோரும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள், ஷத்து போட மாட்டார்கள். ஆனால் கடவுச்சீட்டில் ஒருவர் `Mohamed`, இன்னொருவர் `Mohammed`. அரபியிலிருந்து மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றுபவர் அரபு எழுத்தை மட்டும் பார்த்து எழுதினால் உங்கள் கடவுச்சீட்டில் இல்லாத ஒரு m சேர்ந்துவிடும், அல்லது இருப்பது போய்விடும்.

இது முஸ்லிம் பெயர்களுக்கு மட்டும் வரும் தொல்லையல்ல. கண்ணன் என்பதை அரபியில் كنان என்று எழுதுவார்கள். ஷத்து தாளில் இருக்காது. அரபியர் அதைத் தங்களுக்குத் தெரிந்த ‘கினான்’ என்ற பெயராகப் படிப்பார்கள். அண்ணாமலை, செல்லையா, முத்தையா எல்லாருக்கும் இதே கதி. மொழிபெயர்ப்புக்குக் கொடுக்கும்போது கடவுச்சீட்டின் முதல் பக்க நகலைக் கூடவே வைத்து, ஆங்கில எழுத்தை அதில் உள்ளபடியே போடச் சொல்லுங்கள். அரபு எழுத்தில் ஷத்து போட்டுத் தரும்படியும் கேட்கலாம், மறுக்க மாட்டார்கள். ஆனால் கணினியில் பதியும்போது அது போய்விடும் என்பதை எதிர்பாருங்கள். முத்திரை குத்துவதற்கு முன்னால் வரைவை வாங்கி, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். முத்திரை விழுந்தபின் திருத்த வேண்டுமானால் மறுபடி பணம் கேட்கும் இடங்களும் உண்டு. அந்தத் தாளை வைத்து ஏற்கெனவே சான்றொப்பம் வாங்கியிருந்தால் அதையும் முதலிலிருந்து தொடங்க நேரிடும்.